சுக்குக்காப்பி கணக்கில் வராது

நகைக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் எடை எவ்வளவு, அதில் கல் எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். நாகர்கோவிலில் நான் இருந்த கடையில் ஒவ்வொரு நகையிலும் நூலில் ஒரு சின்ன அட்டை தொங்கும். மொத்த எடை, கல்லின் எடை, கழித்தால் வருகிற தங்கத்தின் எடை என்று அதில் மூன்று எண்கள் இருக்கும். வாங்க வருகிறவர்கள் முதல் எண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் கண் மூன்றாவதில்தான் நிற்கும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் ஜிம்முக்கும் போனேன். ரெண்டாயிரத்துப் பதினைந்தை ஒட்டிய காலம் அது. காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு முட்டு வலி, டாக்டர் சொல்லி வந்தவள். அங்கே கிடைத்த சிநேகிதியோ வேறு ரகம். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீடு இராஜாக்கமங்கலம் பக்கம், கடற்கரையில். அவளுடைய அம்மா மீன் விற்கப் போகிறவள். இவள் பவர்லிஃப்டிங் பண்ணினாள். நான் நாலு கிலோ டம்பெல்லோடு மல்லுக்கட்டும்போது அவள் என்னைவிடக் கனமான கம்பியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, "என்னட்டி பாக்க?" என்று கேட்பாள்.

அந்த வருடம் மாநிலப் போட்டிக்கு அவள் பெயர் போயிருந்தது, அறுபத்துமூன்று கிலோ பிரிவில். எடை பார்க்கிற அன்று அறுபத்துமூன்றைத் தாண்டிவிட்டால் அடுத்த பிரிவுக்குத்தான் போக வேண்டும். அந்தப் பிரிவில் எங்கள் மாவட்டத்துக்கு உள்ள இடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. ஆக, ஒன்று அறுபத்துமூன்றுக்குள் வர வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும். அவள் அறுபத்தைந்தை ஒட்டி நின்றாள். கையில் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

ஜிம் மாஸ்டர் அவளுக்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்குப் புரதம் நூற்றிருபது கிராம், மாவுச்சத்து நூற்றறுபது, கொழுப்பு ஐம்பத்துமூன்று. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு நாலு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது. மொத்தம் ஆயிரத்து அறுநூறு வரும். இதைத்தான் அவர்கள் மேக்ரோ என்று சொல்வார்கள். சாப்பிட்டதையெல்லாம் அவள் போனில் ஒரு ஆப்பில் தட்டிக்கொண்டே இருப்பாள். தினமும் ஆயிரத்து அறுநூறுக்கு உள்ளேதான். எடை மட்டும் இறங்கவில்லை.

ஒரு நாள் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "ஏ பிள்ளே, ஒள்ளத சொல்லு. ஒளிச்சு திங்குதியா?"

அவள் கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். இத்தனை கனம் தூக்குகிறவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் கள்ளியா, ஏட்டி? தின்னத எல்லாம் எழுதியாச்சு. ஒரு முறுக்கு தின்னாலும் எழுதுகேன்."

எனக்கு அவளை நம்பாமல் இருக்க முடியவில்லை. மாஸ்டர் மேல் கோபமும் வந்தது. ஆனால் அந்த இரண்டையும் தாண்டி ஒரு குடைச்சல். அவள் எழுதியதும் உண்மை, தராசு காட்டுவதும் உண்மை என்றால் நடுவில் எங்கேயோ கல் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

கடையில் கழித்துப் போட்ட ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவளும் அம்மாவும் வீடு திரும்பிய நேரம் பார்த்துப் போனேன். "நீ தினமும் திங்குத பாக்கெட்ட எல்லாம் எடு" என்றேன். சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். மியூஸ்லி, வேர்க்கடலை வெண்ணெய், மாம்பழ யோகர்ட். அரிசியும் மீனும் அவள் அளந்துதான் எடுப்பாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

முதலில் மியூஸ்லி. "தினமும் போடுத மாதிரி கிண்ணத்துல போடு, யோசிக்காத" என்றேன். போட்டாள். கிண்ணத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால் எழுபத்தெட்டு கிராம். பாக்கெட்டின் பின்பக்கம் 'ஒரு பரிமாறல் முப்பது கிராம், நூற்றுப்பதினேழு கலோரி' என்று போட்டிருந்தது. அவள் ஆப்பில் எழுதியது ஒரு பரிமாறல்.

"ஒரு கிண்ணம்தானே ஒரு தடவ? பின்ன?"

"கிண்ணம் ஒனக்க கிண்ணம். கிராம் கம்பெனிக்காரனுக்க கிராம்."

முன்னூற்றுச் சொச்சம் கலோரியை அவள் நூற்றுப்பதினேழு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பது கிராமை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். கிண்ணத்தின் அடி மறைந்தது, அவ்வளவுதான். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இத ஒரு ஆளா திங்கும்? கோழியாக்கும் திங்கும்" என்றாள்.

வேர்க்கடலை வெண்ணெயும் அப்படியே. இரண்டு ஸ்பூன் முப்பத்திரண்டு கிராம், நூற்றுத்தொண்ணூறு கலோரி என்று பாட்டிலில் இருந்தது. அவள் எடுத்த இரண்டு ஸ்பூன் குவியலாக, ஐம்பத்துநாலு கிராம். முன்னூற்றிருபது கலோரி.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்துப்போய் ஒரு தப்பு பண்ணினேன். மியூஸ்லியில் நூறு கிராமுக்கு மாவுச்சத்து எழுபத்திரண்டு என்றும், அதன் கீழே சீனி இருபத்துநாலு என்றும் இருந்தது. "இந்தச் சீனிய நீ எழுதவே இல்ல, பாத்தியா" என்று ஜெயித்த மாதிரிச் சொன்னேன். அவள் போனை எடுத்துத் தட்டினாள். புரதம் ஒன்பது, மாவுச்சத்து எழுபத்திரண்டு, கொழுப்பு ஏழு. பெருக்கிக் கூட்டினால் முன்னூற்றெண்பத்தேழு. பாக்கெட்டில் இருந்தது முன்னூற்றுத்தொண்ணூறு. சீனியைத் தனியாகக் கூட்டினால் நானூற்றெண்பதுக்கு மேல் போய்விடும், பொருந்தாது. சீனி மாவுச்சத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

"கல்லு எடைய ரெண்டு தடவ கழிப்பியளா ஒங்க கடையில?" என்று கேட்டுச் சிரித்தாள்.

யோகர்ட்டில்தான் என் மானம் திரும்பி வந்தது. சேர்த்த சீனி எவ்வளவு என்று தனியாகப் போடுகிற வழக்கம் அப்போது நம் பாக்கெட்டுகளில் கிடையாது. மொத்தச் சீனி மட்டும்தான். பாலில் இயல்பாக இருப்பதும் அதில் சேர்ந்துவிடும். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் சாதாத் தயிர் டப்பா ஒன்றும் இருந்தது. அதில் நூறு கிராமுக்குச் சீனி நாலரை. மாம்பழ யோகர்ட்டில் பதினாலு. சாதாவைக் கழித்தால் ஒன்பதரை. அதில் மாம்பழத்தின் பங்கு ஏதோ கொஞ்சம், மற்றது அள்ளிப் போட்டது. பொருள்களின் வரிசையைப் பார்த்தோம். எது அதிகமோ அது முதலில் வரும். பாலுக்கு அடுத்தபடி சீனி, மாம்பழம் அதற்கும் பின்னால் நின்றது.

எல்லாவற்றையும் கூட்டினால் அவள் எழுதாமல் விட்டது முன்னூற்றுச் சில்லறைக் கலோரி. எனக்குத் திருப்தியில்லை. அவள் தூக்குகிற தூக்குக்கு இந்த முன்னூறோடேயும் கொஞ்சமாவது எடை இறங்கியிருக்க வேண்டும். இன்னும் எங்கேயோ இருக்கிறது.

அப்போது அவளுடைய அம்மா இரண்டு டம்ளரோடு வந்தாள். "வெறும் வயித்துல என்னத்த கணக்கு பாக்குதிய மக்களே, இந்தா குடிங்க." சுக்குக்காப்பி. வாசனை மூக்கில் ஏறியது. சிநேகிதி ஒரே மூச்சில் பாதி குடித்தாள். நான் ஒரு மிடறு குடித்தேன். நல்ல தித்திப்பு.

"இத எழுதுதியா?" என்று கேட்டேன்.

"எத?"

"இந்தக் காப்பிய."

அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சுக்குக்காப்பிய யாராவது எழுதுவாவளா? இது மருந்துல்லா."

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "கருப்பட்டியாக்கும் மக்களே. சீனி இல்ல. ஒடம்புக்கு நல்லது."

எங்கள் ஊரில் இதுதான் நிலைமை. சீனி என்றால் பயப்படுகிறவர்கள் கருப்பட்டியைக் கும்பிட்டுச் சாப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அவளுடைய அம்மாவுக்குச் சந்தைக்குப் போகிற அவசரத்தில் சுக்கு இடிக்க நேரமில்லை, பக்கத்து ஊர்ப் பெண்கள் குழு தயாரித்து விற்கிற பொடி பாக்கெட்டைத்தான் வாங்குவாள். அதைக் கொண்டுவரச் சொன்னேன். முன்பக்கம் 'வெள்ளைச் சீனி சேர்க்காதது' என்று பெரிதாக இருந்தது. அது பொய்யில்லை. பின்பக்கத்தைச் சிநேகிதிதான் வாங்கி வாசித்தாள். பொருள்கள்: கருப்பட்டி, சுக்கு, மல்லி, மிளகு, காப்பித்தூள். வாசித்துவிட்டு முதல் வார்த்தைக்கே திரும்பிப் போனாள். "கருப்பட்டியாக்கும் மொதல்ல நிக்கது" என்றாள் மெதுவாக.

ஒரு பரிமாறல் ஐந்து கிராம், பத்தொன்பது கலோரி. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. "அம்மா, நீங்க போடுத மாதிரி ஒரு கிளாசுக்குப் பொடி இதுல போடுங்க" என்று தராசை நீட்டினேன். அம்மா இரண்டு ஸ்பூன் குவித்துப் போட்டாள். இருபத்துநாலு கிராம்.

"ஒரு நாளைக்கு எத்தன கிளாசுட்டி?"

காலையில் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு ஃபிளாஸ்கில் இரண்டு. மைதானத்திலிருந்து வந்ததும் ஒன்று. கணக்கை அவளே போட்டாள். நூறு கிராமுக்கு முன்னூற்றெழுபது கலோரி, எண்பத்தெட்டு கிராம் மாவுச்சத்து. நாலு கிளாசில் முன்னூற்றைம்பத்தைந்து கலோரி. நூற்றறுபதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இந்த ஃபிளாஸ்கிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது, சந்தோஷத்தில். கள்ளி இல்லை என்று தெரிந்துவிட்டதே.

அம்மாவுக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. "அப்ப நான்தான் பிள்ளைக்கக் காரியத்தக் கெடுத்தனா?" என்று கேட்டாள். அவள் அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "காப்பிய நிறுத்த மாட்டேன் அம்மா. எழுதிக் குடிப்பேன்."

சொன்னபடி செய்தாள். தினமும் ஒரு கிளாஸ், இருபத்துநாலு கிராம், எண்பத்தொன்பது கலோரி. அதற்கு இடம் விட மியூஸ்லியை நாற்பத்தைந்து கிராமாகக் குறைத்தாள். யோகர்ட் போய்ச் சாதாத் தயிர் வந்தது. ஃபிளாஸ்கில் கருப்பட்டியில்லாமல் சுக்கும் மல்லியும் மட்டும் கொதிக்கவைத்து எடுத்துப் போனாள். அம்மா அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, "இது காப்பியா, மூஞ்சி கழுவுத வெந்நியா?" என்று துப்பினாளாம். தராசு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. நானும் கேட்கவில்லை.

எடை மெதுவாக இறங்கியது. ஒரு வாரம் இறங்கும், ஒரு வாரம் அப்படியே நிற்கும். நிற்கிற வாரங்களில் அவளைவிட நான்தான் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பேன். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

போட்டியன்று கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். எடை பார்க்கிற அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே மாஸ்டர் பக்கத்தில் நின்றேன். கதவு திறந்து வந்தவள் கையில் சீட்டை நீட்டினாள். அறுபத்திரண்டு புள்ளி எட்டு. மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்பிடி பிள்ளே?" என்றார்.

அவள் பையிலிருந்து அந்தப் பொடிப் பாக்கெட்டை எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பி அவர் கையில் வைத்தாள்.

"ஒளிச்சது நான் இல்ல, மாஸ்டர். இதாக்கும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, "தப்பா கேட்டுட்டேன் மக்கா" என்றார். அவள் தலையசைத்தாள். உள்ளே பெயர் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. அம்மா விடியுமுன்னே எழுந்து போட்டுக் கொடுத்த கருப்பட்டிக் காப்பி ஃபிளாஸ்கில் இருந்தது. ஊற்றி, குடிப்பதற்கு முன்னால் போனை எடுத்து எழுதினாள்.