நடுப் பீமுக்கு இரட்டைப் பங்கு

காலையில் இருந்து இரண்டு கட்டடங்களில் ஏணி ஏறி இறங்கிவிட்டு, நாரந்தனைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். மண்டைதீவைத் தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பொறியியலாளர் நான். வீட்டுக்காரர் கொங்கிறீற் போடும் முன் கம்பியை நான் பார்த்துச் சரி சொல்லவேண்டும். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

வீடு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை அக்காவுடையது. கணவர் பாரிசவாதத்தில் விழுந்து, பின்னால் இருக்கும் பழைய வீட்டின் புழுக்கமான அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். புதுவீட்டின் ஹோல் எட்டு மீற்றருக்கு ஆறு மீற்றர். சுற்றிவரப் பீம், நடுவில் குறுக்காக ஆறு மீற்றர் நீளத்தில் ஒரு பீம். மேல்தட்டு அவற்றின் மேல் தங்கும்.

கொங்கிறீற்றைத் தாங்கப் பலகையெல்லாம் அடித்து, கம்பி விரித்து முடிந்திருந்தது. மறுநாள் காலையில் கலவை மெசின் வருகிறது. நடுப் பீமின் பெட்டிக்குள் அளவு நாடாவை விட்டு அளந்தேன். நான் கீறிக் கொடுத்தது இருபத்தொரு அங்குல ஆழம். அங்கே இருந்தது ஓரப் பீம்களைப் போலவே பதினைந்து. கம்பியும் ஓரப் பீமின் கம்பிதான்.

"ஓம் பிள்ளை, நான்தான் சொன்னனான்," என்றார் அக்கா. "ஹோலுக்கு நடுவிலை அது மட்டும் கீழை இறங்கி நிண்டால் வடிவில்லை. எல்லாம் ஒரே அளவா இருக்கட்டும் எண்டு."

கட்டட வேலையைப் பொறுப்பெடுத்திருந்த மேசனுக்கும் அதில் பிழை தெரியவில்லை. "ஓரத்துப் பீமுக்கு அந்த அளவு காணும் எண்டால் நடுவுக்கும் காணும்தானே மிஸ்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் கால் உளைந்தது. மிச்சமாகக் கிடந்த ஒரு பலகையை நிழலில் போட்டு, அதன் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டேன். சோக்கட்டியால் பலகையில் ஹோலின் படத்தைக் கீறினேன். நடுப் பீம் அதை நாலுக்கு ஆறாக இரண்டு அறைகளாகப் பிரித்தது. ஒரு அறையின் நாலு மூலையில் இருந்தும் நாற்பத்தைந்து பாகையில் கோடு இழுத்து, அவை சந்தித்த இடங்களை நடுவில் ஒரு கோட்டால் இணைத்தேன். நாலு துண்டு வந்தது: கட்டைப் பக்கங்களில் இரண்டு முக்கோணம், நீளப் பக்கங்களில் இரண்டு சரிவகம்.

"ஒவ்வொரு துண்டின்ரை பாரமும் அதுக்குக் கிட்ட இருக்கிற பீமுக்குத்தான் போகும். முக்கோணம் நாலு சதுர மீற்றர். சரிவகம் எட்டு. ரெண்டு ரெண்டாக் கூட்டினால் இருபத்திநாலு, அறை முழுக்க வந்திட்டுது. பாரம் பீமின்ரை முனையிலை ஒண்டுமில்லாமல் தொடங்கி ஏறும், நடுவிலை ரெண்டு மீற்றர் அகலத் தட்டின்ரை பாரம் அதிலை இருக்கும்."

மற்ற அறையையும் அப்படியே கீறினேன். அக்கா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், நடுக்கோட்டில் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கத்து எட்டும் இதிலை. அந்தப் பக்கத்து எட்டும் இதிலையோ?"

"ஓம் அக்கா. ஓரத்துக்கு ஒரு பக்கம்தான். நடுவுக்கு ரெண்டு பக்கமும். பதினாறு. நடுவிடத்திலை ஒவ்வொரு மீற்றருக்கும் கிட்டத்தட்ட ரெண்டரைத் தொன் நிக்கும், பீமின்ரை சொந்தப் பாரம் வேறை."

மேசன் தலையைச் சொறிந்தார். "திரும்பக் கழட்டுறதெண்டால் ஒரு கிழமை போயிடும். மழையும் வரப்போகுது. விழவா போகுது மிஸ்?"

"உடனை விழாது எண்டு வையுங்கோ. தொய்யும், வெடிப்பு வரும். அதுக்குப் பிறகு என்ன நடக்கும் எண்டு என்னாலை பொறுப்புச் சொல்ல ஏலாது அண்ணை."

சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கலாம் என்று உடம்பு கெஞ்சியது உண்மை. இந்த நடுப் பீம் கதையை ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அக்கா சீமெந்துப் பைகளின் மேல் இருந்தார். வீடு தொடங்கிய நாளில் இருந்து தனியாக ஓடித் திரிந்த களைப்பு அந்த முகத்தில் அப்படியே கிடந்தது.

"அவரின்ரை கட்டிலை அந்தப் பீமுக்கு நேர் கீழைதான் போட நினைச்சிருந்தனான்," என்றார் பிறகு. "ரெண்டு யன்னல் காத்தும் அங்கைதான் வரும்." மேசனைப் பார்த்தார். "கழட்டுங்கோ தம்பி. மெசின்காரருக்கு நான் சொல்லுறன்."

மேசன் முகம் சுளித்தபடி கம்பிக் குறடு ஒன்றை எடுத்தார். முறுக்கிக் கட்டிய கம்பியை அவர் ஒவ்வொன்றாக வெட்டும் சத்தம் வீதி வரைக்கும் கேட்டது. அடுத்த கிழமை போய் அளந்தபோது ஆழமும் கம்பியும் சரியாக இருந்தன. இடையில் இரண்டு நாள் மழை பெய்து, சீமெந்தில் சில பைகள் கட்டியாகிப் போயிருந்தன. அக்கா அவற்றை ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்.

பலகை கழற்றி, பூசி முடித்த பிறகு ஒரு பின்னேரம் கூப்பிட்டிருந்தார். கணவர் நடுவில் கட்டிலில் படுத்திருந்தார், யன்னல் காற்றில் அவர் உடுத்தியிருந்த சாரம் அசைந்தது. பீம் ஹோலுக்குள் நன்றாக இறங்கித்தான் நின்றது.

"வடிவில்லைத்தான்," என்றார் அக்கா மேலே பார்த்து. "இரும், தேத்தண்ணி போடுறன்."

அவர் குசினிக்குள் போனார். நான் கதிரையில் சாய்ந்தேன். தேத்தண்ணி வரும் முன் நித்திரையாகிவிட்டேன்.