உப்பலையாம்

மழை இறங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி நிறைய வானம் கிடக்கும்; கூலி கிடைக்காது. அப்படியொரு ஐப்பசியில்தான், உப்பு வாரும் அக்கா ஒருவர் என் மச்சானின் விடுதியில் காலைச் சமையலுக்கு வந்து சேர்ந்தார். இட்லி, தோசை, பொங்கல் மூன்றிலும் குறையில்லை. மச்சானுக்கோ பான்கேக் வேண்டும். கடற்கரையில் விடுதி வைத்திருப்பவன் பான்கேக் போடாவிட்டால் கடலே கோபித்துக்கொள்ளும் என்று நம்புகிறவன் அவன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் பார்ட்டி வருது. பான்கேக் நல்லா வந்தா மழைக்காலம் முழுக்க நீங்கதான். இல்லன்னா பாண்டிச்சேரிலேர்ந்து மாஸ்டர் வர்றாரு."

அக்கா தலையை ஆட்டினார்.

ஞாயிறு காலை மச்சான் சூடு பார்க்கும் துப்பாக்கியோடு வந்தான். காய்ச்சலுக்கு நெற்றியில் சுடுவார்களே, அதற்கு அண்ணன் மாதிரி ஒன்று. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த புது எவர்சில்வர் கல்லை நோக்கிச் சுட்டான். "நூத்திருபதுதான் காட்டுது!" என்று தீயைக் கூட்டினான். பளபளப்பான கல்லிடம் அந்தத் துப்பாக்கி எப்போதும் குறைத்துத்தான் கேட்டுக்கொள்ளும் என்பது அதன் கையேட்டில் இருந்தது. கையேட்டை அவன் பிரிக்கவில்லை.

அக்கா விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். சொட்டுகள் பாதரசம் போல உருண்டு ஓடின.

"தம்பி, கல்லு ரொம்பக் காஞ்சி போச்சி. 'சுர்'னு துள்ளி அடங்கணும். இது ஓடுது பாரு."

"மிஷின விட உங்க தண்ணிக்குத் தெரியுமாக்கா? தீயில கை வெக்காதீங்க. முட்டை வந்ததும் திருப்புங்க, வீடியோல அப்டித்தான் போட்டான்." முட்டை என்றால் மாவில் எழும் நீர்க்குமிழி. சொல்லிவிட்டு விருந்தினரை வரவேற்க மாடிக்குப் போனான். தட்டு சுமக்கும் வேலை எனக்கு. கவிதை எழுதுகிறவனுக்கு உறவினர்கள் தரக்கூடிய வேலை அது.

முதல் முட்டையிலேயே திருப்பிய முதல் ஈடு, மேலே கரி, உள்ளே களி. மாடியில், மெட்ராஸிலிருந்து வந்த மூவரில் ஓர் அம்மாள் முள்கரண்டியால் அதைக் குத்திப் பார்த்தார்.

"ஃபிளஃபியா இல்லையே."

படியிறங்கும்போது எனக்குள் தமிழ் பொங்கியது. அந்த ஆங்கிலச் சொல்லைச் சமையலறைக்குள் கொண்டுபோவதா? வாசலில் நின்று, புகைபோக்கியின் இரைச்சலுக்கு மேலே கத்தினேன்: "உப்பலையாம்!"

அக்கா திடுக்கிட்டார். பிறந்ததிலிருந்து உப்போடு இருப்பவரிடம் சொல்லக்கூடாத சொல். ஒரு கை கல்லுப்பை அள்ளி மாவில் போட்டு, அது கரையும்வரை அடி அடி என்று அடித்தார். அடித்த மாவில் காற்று போய்விட்டது. அடுத்த ஈடு ரப்பர் செருப்பு; மாடியில் அதையும் குத்திப் பார்த்ததோடு சரி, வாயில் வைக்கவில்லை.

"இன்னும் உப்பலையாம்!" என்றேன் மறுபடி.

"இதுக்கு மேலயா? அவுங்க என்ன கடல்லயா பொறந்தாங்க?" என்றபடி மேலும் ஒரு சிட்டிகை போட்டார். அதில் சுட்ட ஒன்றோடு ஏறினேன். அந்த அம்மாளின் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார். மச்சான் என்னைப் பார்த்தான். நான் கீழே ஓடினேன்.

"அக்கா, உப்பு போட்டீங்களா?"

"நீங்கதானே உப்பில்லன்னு சொன்னீங்க?"

"உப்பு இல்ல, உப்பல! பூரி உப்புமே, அந்த உப்பல்!"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, மெத்துன்னு இல்லன்னு சொல்ல வாய் வராதா உங்களுக்கு?"

அந்த மாவை அப்படியே ஒதுக்கினார். புது மைதா, சர்க்கரை, சோடா மாவும் புளிப்பும் கலந்து வரும் பேக்கிங் பவுடர், பால், கோழிமுட்டை. இம்முறை அடிக்கவில்லை. பத்துச் சுற்று; கட்டி கட்டியாகவே விட்டு மூடினார். தீயைப் பாதியாக்கிக் காத்திருந்தார். தண்ணீர் தெளித்தார். 'சுர்' என்று துள்ளி அடங்கியது. எண்ணெயைத் துணியால் துடைத்தாற்போலத் தடவி, ஒரு கரண்டி ஊற்றினார், தேய்க்கவில்லை.

முட்டை வந்தது. மாடியிலிருந்து இறங்கிய மச்சான் அலறினான்: "திருப்புங்கக்கா!"

"இருப்பா. ஒடையுற கண்ணு திரும்ப மூடிக்குது பாரு. இன்னும் ஈரம்."

ஓரத்து முட்டைகள் உடைந்தன. ஓட்டைகள் மூடாமல் திறந்தே நின்றன. விளிம்பின் மினுக்கம் போய் மங்கியது. ஒரே திருப்பு. மச்சான் கரண்டியால் அமுக்கிப் பார்க்கக் கை நீட்டினான்.

"அமுக்கின, கையிலயே போடுவேன்."

அது எழும்பியது.

மாடியில் மூன்று தட்டும் காலியானது. கடைசியில் அந்த அம்மாள் என்னிடம் குனிந்து, "முன்னாடி ஒண்ணு உப்பா வந்ததே, சீ சால்ட் பான்கேக்தானே? இங்கத்த ஸ்பெஷலா? தேன் ஊத்திச் சாப்பிட்டேன், நல்லா இருந்தது. நாளைக்கும் கிடைக்குமா?" என்றார்.

மச்சான் பாண்டிச்சேரி மாஸ்டருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றான். துப்பாக்கியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிறகு அக்காவிடம் வந்தான்.

"மழை முடியிற வரைக்கும் நீங்கதான்க்கா. ரெண்டும் போடுங்க. அந்த உப்பு பான்கேக்கும்."

அக்கா கல்லைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, நாளைக்கு நீங்க மாடிலேர்ந்து ஒண்ணும் சொல்லாதீங்க. தட்டை மட்டும் கொண்டாங்க. மிச்சத்தப் பாத்து நானே தெரிஞ்சிக்கிறேன்."