முள்ளை முதலில் எடுத்து வைத்த கடிதம்

பலெர்மோவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் கம்பனி ஒன்றில் அப்போது வேலை செய்தேன். பல்லரோச் சந்தையில் மீன்காரரோடு பேரம் பேசிப் பழகியதுதான் என் இத்தாலி மொழி. அதை நம்பி முதலாளி ஒரு கடிதத்தைத் தந்து, நம்மவர்களுக்காகத் தமிழில் எழுதச் சொன்னார். கம்பனியின் துப்புரவு ஒப்பந்தம் கைவிட்டுப் போனதால் எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். என்னையும்தான்.

இத்தாலிக் கடிதம் அரைப் பக்கம். என் தமிழ் இரண்டு பக்கம். ஊர்க் கடிதங்களில் நலம் விசாரித்து, நாலு நல்ல வார்த்தை சொல்லித்தானே துக்கத்தைத் தொடுவோம்? நானும் முதல் பக்கம் முழுவதும் உழைப்பையும் நேர்மையையும் புகழ்ந்தேன். கெட்ட சேதியைப் பின்பக்கத்தின் அடியில் மெதுவாக இறக்கி வைத்தேன்.

விளங்குகிறதா என்று பார்க்க, எங்களோடு வேலை செய்த மன்னார் அக்காவிடம் அதைக் கொடுத்தேன். லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா ஒருவர், தன் தாயைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்குத் திங்கட்கிழமைதான் கெடு.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, நாளைக்குச் சிஞ்ஞோராட்டை வரேலாது எண்டு சொல்லப்போறன். இவ்வளவு மதிக்கிற கம்பனியை விட்டிட்டு ஆர் போவினம்?"

பின்பக்கம் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கோயில் வாசலிலேயே தாளைத் திருப்பிக் காட்டினேன். வாசித்தார். நான் திட்டுக்குக் காத்து நின்றேன். அவருக்கோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"மீன் குடுக்கேக்கை முள்ளை முதல் எடுத்து வைக்கோணுமடா. நீ சோத்துக்குள்ளை ஒளிச்சுத் தந்திருக்கிறாய்."

அவர் வீட்டுக்குப் போய், சியாகுல்லித் தோட்டத்து மந்தரின் தோடம்பழத்தைத் தோலுரித்துத் தின்றபடி புதிதாக எழுதினோம். அக்கா ஒவ்வொரு வரியையும் உரத்து வாசித்துப் பார்த்தார். "பெப்ரவரி இருபத்தெட்டு உங்கள் கடைசி வேலை நாள். அதன்பின் இங்கே வேலை இல்லை. ஒப்பந்தம் முடிந்ததே காரணம், உங்கள் பிழை எதுவுமில்லை. அதுவரை சம்பளம் வழமைபோல் வரும். லிக்விடாசியோனே என்னும் பிரிவுப் பணமும், எடுக்காத லீவுக்குரிய காசும் கடைசிச் சம்பளத்தோடு சேர்ந்து வரும்." நன்றியை அதற்குப் பிறகுதான் சொன்னோம், ஒரே வரியில். அந்த ஒரு வரிக்கு, பழைய கடிதத்தின் முதல் பக்கத்துப் புகழ் முழுவதையும்விடக் கனம் இருந்தது.

திங்கட்கிழமை அக்கா சிஞ்ஞோராவிடம் ஓம் சொன்னார், மார்ச் முதலாம் திகதியிலிருந்து.

கடைசி நாள் வேலை முடிய எல்லோருக்கும் மீன் கட்லட் கொண்டுவந்தார். என் பங்கை நீட்டும்போது சொன்னார்:

"பயப்பிடாமல் சாப்பிடு, முள் பாத்துத்தான் செய்தனான்."