பத்தாவது வரி

எங்கள் அறுவை அரங்கில் பத்தொன்பது வருடமாகக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸை எல்லோரும் நூல் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தக்குழாயைக் கட்டும் நூலை, மருத்துவர் கேட்பதற்கு முன்பே இடுக்கியின் நுனியில் மாட்டிவைத்துக் காத்திருப்பார். நான் இடுப்பு மூட்டு மருத்துவன். நூலைக் கேட்ட பிறகும் எதற்குக் கேட்டோம் என்று யோசிக்கும் ரகம்.

அவர் பையில் நீல அட்டை போட்ட கோடு நோட்டு ஒன்று உண்டு. ஒரு அறுவைக்கு ஒரு பக்கம். எந்தக் கருவிக்குப் பிறகு எந்தக் கருவி என்று வரிசை எண் போட்டு எழுதியிருப்பார். நரம்பு, தசையின் பெயரெல்லாம் அதில் இருக்காது. "பெயர் உங்களுக்கு, வரிசை எனக்கு" என்பார். மகள் பள்ளிக்குப் போன காலத்தில் வீட்டிலும் அப்படித்தானாம். சாக்ஸ் ஒன்று, ஷூ இரண்டு, பை மூன்று என்று வாசலில் வரிசையாக நிற்குமாம். கணவர் மட்டும் எந்த வரிசைக்கும் அடங்கவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது என் பெருமைக்கு வருகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும்.

இடுப்பு மூட்டுக்குள் போகப் பல வழிகள் உண்டு. பின்பக்கமாகப் போனால் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு, சயாட்டிக், பக்கத்திலேயே படுத்திருக்கும். அது அடிபட்டால் பாதம் தொங்கிவிடும். பக்கவாட்டில் போவதென்றால் இடுப்பைத் தாங்கும் தசையைப் பிளக்க வேண்டும். பிளவு மேலே ஐந்து சென்டிமீட்டர் தாண்டினால் அந்தத் தசைக்கு வரும் நரம்பு அறுந்துபோகும். அப்புறம் நோயாளி ஆயுளுக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். நான் பல வருடம் போன வழி இதுதான். என் நோயாளிகளில் இரண்டு பேர் அப்படி நடக்கிறார்கள். கடைத்தெருவில் அவர்களைப் பார்த்தால் நான் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவேன்.

முன்பக்க வழி வேறு மாதிரி. சார்டோரியஸ் என்ற தசைக்கு முன்தொடை நரம்பிலிருந்து கட்டளை வருகிறது. அதன் வெளிப்பக்கம் இருக்கும் டென்சர் தசைக்கு இடுப்பின் பின்னாலிருந்து வேறொரு நரம்பு வருகிறது. இரண்டு வீட்டுக்கும் மின்சாரம் வேறு வேறு கம்பத்திலிருந்து வருவது போல. நடுவில் இருக்கும் சந்து வழியாகப் போனால் யார் வீட்டு விளக்கும் அணையாது. இந்தச் சந்து வழியைக் கற்றுக்கொள்ள மூன்று நாள் பயிற்சிக்குப் போய், சான்றிதழோடு வந்தேன். அதைச் சட்டம் போட்டு மாட்டினேன். "ஆணி நேரா இல்லை" என்றாள் மனைவி.

முதல் நோயாளி ஒரு பெயிண்டர். ஐம்பத்தாறு வயது, மூட்டு தேய்ந்துபோனவர். அவருடைய அண்ணன்தான் சாய்ந்து நடக்கும் அந்த இருவரில் ஒருவர். ஆலோசனை அறையில் அதை அவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"அண்ணன் மாதிரி ஆயிடக்கூடாதுங்க டாக்டர். எனக்கு ஏணி ஏறணும். ஏணி இல்லேன்னா எனக்குப் பொழப்பே இல்ல."

"ஆகாது. இது புது வழி" என்றேன், அந்த வழியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போல.

அறுவையன்று அவர் மல்லாந்து படுத்திருந்தார். நல்ல தொப்பை. அதன் மடிப்புக்குக் கீழே இடுப்பெலும்பின் முன்முனையைத் தடவிப் பார்த்துக் குறி வைத்து, தோலைக் கீறினேன். உள்ளே போகப் போக ஆச்சரியம், ரத்தமே இல்லை. பயிற்சியில் அந்தச் சந்தின் குறுக்கே ஒரு ரத்தக்குழாய்க் கிளை வரும், அதைக் கட்டாமல் மேலே போக முடியாது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள். எனக்கு வரவே இல்லை. என் கை அவ்வளவு சுத்தம் என்று முடிவுகட்டிவிட்டேன். சந்தோஷம் வந்தால் எனக்கு ராகமும் வரும். முகமூடிக்குள் பாட ஆரம்பித்தேன்.

"வளைஞ்ச விலக்கி குடுங்க சிஸ்டர்."

தசைகளைத் தள்ளிப் பிடிக்கும் கருவி அது. கை நீட்டிக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் கையில் நூல் மாட்டிய இடுக்கிதான் இருந்தது.

"விலக்கி கேட்டேன்."

"அது பதினொண்ணாவது டாக்டர். பத்தாவது இன்னும் நீங்க கேக்கவே இல்ல."

"பத்தாவது என்ன?"

"நூல். பழைய ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷன் நாப்பது பாத்திருக்கேன். நூல் கேக்காம யாருமே விலக்கி கேட்டதில்ல."

"ரத்தமே வரலையே! எதைக் கட்டறது?"

"அதான் டாக்டர் எனக்கும் புரியல. ஏன் வரல?"

திரைக்குப் பின்னாலிருந்து மயக்க மருத்துவர் எட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிஸ்டர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கவே காயத்துக்குள் விரலை விட்டேன். விரல் நுனியில் டொக், டொக் என்று ஏதோ தட்டியது. தொடைத் தமனி.

தொப்பையில் ஏமாந்து, உட்பக்கமாகக் கீறியிருக்கிறேன். சார்டோரியஸுக்கு வெளியே போக வேண்டியவன் உள்ளே போய் நிற்கிறேன். சந்து என்று நினைத்தது சந்தே இல்லை. தமனிக்கு ஒட்டினாற்போல வெளிப்பக்கம் முன்தொடை நரம்பு. விலக்கி கையில் வந்திருந்தால் அதன் மேலேயே வைத்து அழுத்தியிருப்பேன். அப்புறம் முழங்காலை நீட்ட முடியாது. ஏணி இருக்கட்டும், வாசற்படியே அவருக்கு மலையாகியிருக்கும்.

பாட்டு எப்போது நின்றது என்று தெரியவில்லை. கீறலை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் நீட்டினேன். தோலடியில் நகர்ந்துபோய் டென்சர் தசையின் உறையைத் தேடினேன். இழைகள் வெளிப்புறமாகக் கீழிறங்குவதைப் பார்த்தபின் உறையைத் திறந்து விரலால் விலக்கினேன். நான்கே நிமிடத்தில் அந்தக் கிளை வந்தது. ரத்தம் பீறிட்டது. ரத்தத்தைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட மருத்துவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நூல்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கையில் இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பெயிண்டர் நேராக நடந்து வந்தார். முழங்காலை நீட்டச் சொன்னேன், முழுசாக நீட்டினார். நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். கண் கலங்கியது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. தொடை வெளிப்பக்கம் ஒரு கையகலம் மரத்துப்போச்சு. பிரஷ்ஷால தடவுனாக்கூடத் தெரியல."

தோலுக்கு உணர்வு தரும் மெல்லிய நரம்பு அது. நல்ல கைகளிலும் சிலருக்கு மரக்கும், நடைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். வாய் திறந்தும்விட்டேன். ஆனால் அண்ணனைப் பார்த்து எதிர்ச் சாரிக்குப் போனதுபோல இவரைப் பார்த்தும் போக வேண்டியிருக்குமே என்று தோன்றியது. உட்பக்கம் கீறியதால்தான் அந்த நரம்பு மாட்டியது, அது திரும்பாமலே போகலாம், உள்ளே வழி தப்பினேன், சிஸ்டர்தான் நிறுத்தினார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தொடையில் மரத்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அந்தம்மா எங்க இருக்காங்க?" என்றார்.

அரங்கு வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சிஸ்டரைக் காட்டினேன். பெயிண்டர் கும்பிட்டார். சிஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் திறந்து எதையோ தேடினார். நீல நோட்டு கீழே விழுந்து விரிந்தது. எடுத்துக் கொடுக்கும் சாக்கில் படித்தேன். முன்பக்க வழிக்கான பக்கம். பத்தாவது வரி, நூல். அதற்கும் பதினொன்றுக்கும் நடுவில் சிவப்பு மையில் பொடி எழுத்தாக ஒன்று இருந்தது: "நம் டாக்டர் பாட ஆரம்பித்தால் எதையும் கொடுக்காதே."

அதன் எதிரே 'பக்கவாட்டு வழிப் பக்கத்திலிருந்து எடுத்தது' என்ற குறிப்பும் ஒரு தேதியும் இருந்தன. பெயிண்டரின் அறுவைக்கு எட்டு வருடம் முந்தைய தேதி. அவருடைய அண்ணனுக்கு நான் அறுவை செய்த நாள்.