போட்டு வாறன்

குருநகரில் ஸ்ரெல்லாவோடு கொளுவிச் சண்டை பிடித்தவர்கள் அதை மறந்துவிடலாம். அவள் மறக்கமாட்டாள். பகலில் இறால் உரிக்கும் வேலை, பின்னேரம் கோயில் பாடகர் குழாம். குழாமில் என் பக்கத்தில்தான் நிற்பாள், வீடும் என் வேலிக்கு அடுத்த பக்கம். ஆகவே அவளுடைய கோபம் எனக்குக் காலையிலும் மாலையிலும் கேட்கும்.

போன வருடத் திருவிழாவில் நன்றிப் பாட்டின் தனிக்குரல் அவளுக்கு என்றிருந்தது. காய்ச்சலில் பயிற்சிக்கு வரமுடியாது என்று அப்போதைய இணைப்பாளர் றஜனியக்காவிடம் மீன் சந்தையில் வைத்துச் சொன்னாள். "சந்தைச் சத்தத்திலை எனக்கொண்டும் கேக்கேல்லை" என்று கைவிரித்துவிட்டு, அறிவிக்காமல் பயிற்சிக்கு வராமல் நின்றவள் என்று அவளை விலக்கி, அந்தப் பாட்டைத் தானே பாடினார் மனுசி! கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு ஒலிபெருக்கியைக் கேட்ட ஸ்ரெல்லாவின் புருசன் இன்னாசித்தம்பி, "எங்கையப்பா உன்ரை குரல்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளுடைய நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

இந்த வருடம் இணைப்பாளர் ஸ்ரெல்லா. தனிக்குரல் றஜனியக்காவுக்கு. முதல் வேலையாகக் குழாமின் வட்ஸ்அப்பில் அவள் போட்ட அறிவித்தல் இது:

"அன்பான பாடகர்களுக்கு நினைவூட்டல். திருவிழா வரை புதனும் சனியும் மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. வரமுடியாதவர்கள் அன்று நண்பகலுக்கு முன் எனது இலக்கத்துக்குத் தனியாகப் பெயர், திகதி, காரணம் மூன்றையும் எழுதி அனுப்பவும். வாயால் சொல்வது, பிறரிடம் சொல்லிவிடுவது ஏற்கப்படாது. நான் 'கிடைத்தது' என்று பதில் போட்டால்தான் அறிவித்ததாகக் கணக்கு. பதில் வராவிட்டால் அழைக்கவும். திடீர் நோய், மரணம் என்றால் மறுநாள் அறிவிக்கலாம். அறிவிக்காமல் இரண்டு தடவை வராதவர் தனிக்குரல் பாட முடியாது."

குழாமைப் பழக்கும் சிமியோன் மாஸ்டர், "நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். நல்லாய்த்தான் இருந்தது, கத்தி மாதிரி.

றஜனியக்கா ஒரு பயிற்சியன்று சொல்லாமல் கலியாண வீட்டுக்குப் போய்விட, முதல் தடவை கணக்கில் ஏறியது. "உப்பைத் திண்டவை தண்ணி குடிக்கத்தானே வேணும்" என்று ஸ்ரெல்லா என் காதுக்குள் சொன்னாள். அடுத்த சனி காலை அவளுடைய தொலைபேசிக்கு வந்தது: "றஜனி. இண்டைக்குத் தங்கச்சியைப் பாக்க ஆசுப்பத்திரிக்குப் போட்டு வாறன்."

என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். போகிறேன் என்று யார் சொல்வார்கள்? போய்விட்டு வருகிறேன் என்பதைப் போட்டு வாறன் என்று சொல்லித்தான் எல்லோரும் படி இறங்குவோம். ஸ்ரெல்லாவுக்கும் தெரியும். ஆனாலும் 'கிடைத்தது' என்று எழுதவில்லை. "ஓம் அக்கா, போட்டு வாங்கோ" என்று எழுதினாள். றஜனியக்கா அதை விடைகொடுத்ததாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதனன்று, சனிக்கிழமை றஜனி ஏன் வரவில்லை என்று மாஸ்டர் கேட்டதும், ஸ்ரெல்லா தொலைபேசியை நீட்டினாள். "வாறன் எண்டு எழுதினவ மாஸ்டர். நானும் வாங்கோ எண்டனான். வரேல்லை. இது ரெண்டாந் தரம்."

"அடி பாவி! போட்டு வாறன் எண்டால் பயிற்சிக்கு வாறதே?" என்று றஜனியக்கா கத்தினார்.

"எனக்கு எழுத்துத்தான் கேக்கும் அக்கா. சந்தைச் சத்தம் கேக்காது."

மாஸ்டருக்கு விளங்கியது. ஆனால் போன வருடம் இதே குற்றத்தைச் சொல்லி ஸ்ரெல்லாவை விலக்கும்போது அவர் பேசாமல் நின்றவர். இப்போது எந்த முகத்தோடு பேசுவார்? தனிக்குரலை ஸ்ரெல்லாவுக்கு மாற்றினார். றஜனியக்கா கீழ்க்குரல் வரிசைக்குப் போனார். ஸ்ரெல்லாவின் முகத்தில் வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இந்த முறை கரையில் இருக்கும் மனுசனுக்குக் குரல் கேட்கும்!

திருவிழாவுக்கு முதல்நாள் கடைசிப் பயிற்சி. நண்பகலுக்குச் சற்று முன், விதி சொன்னபடியே அச்சொட்டாக ஒரு செய்தி வந்தது:

"பெயர்: றஜனி. திகதி: இண்டையிலிருந்து. காரணம்: போறன்."

ஸ்ரெல்லா அதை வேலிக்கு மேலால் எனக்குக் காட்டினாள். செத்தவீட்டில்தான் வாறன் என்று சொல்லாமல் எழும்பிப் போவோம். "போட்டு வாங்கோ அக்கா" என்று எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. அழைத்தாள். எடுக்கவில்லை. பிறகு, தான் போட்ட விதிப்படி, "கிடைத்தது" என்று எழுதினாள்.

கீழ்க்குரலில் மற்றவர்கள் எல்லோரும் றஜனியக்காவின் குரலைப் பிடித்துக்கொண்டே பாடுகிறவர்கள். அன்று மாலை ஸ்ரெல்லா தன் வரியைப் பாடி முடித்ததும் அவர்களுடைய குரல்கள் சுருதி பிசகி ஆளுக்கொரு பக்கம் போயின. திரும்பத் திரும்பப் பாடவைத்துப் பார்த்துவிட்டு மாஸ்டர் பாட்டுக் கொப்பியை மூடினார். நன்றிப் பாட்டு இல்லை, எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டை எல்லோருமாகப் பாடுவோம் என்றார்.

திருவிழா முடிந்து வந்த ஸ்ரெல்லாவிடம் இன்னாசித்தம்பி கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"இந்த முறையும் உன்ரை குரல் வரேல்லையேயப்பா?"

ஸ்ரெல்லா செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"றஜனியக்கா குழாமை விட்டுப் போட்டா," என்றாள். "வாறன் எண்டு சொல்லேல்லை."