ஆளுக்கு இரண்டு

என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அடித்தேனா, குடித்தேனா என்றால் இல்லை. ஏரல் பக்கத்து ஊரிலிருந்து அவள் தம்பி, சிநேகிதர்கள் நான்கு பேரோடு சொல்லாமல் வந்து நின்ற ஒரு மத்தியானம், அரிசி அளக்கும் உழக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "எத்தனை பேர் சாப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். துறைமுகத்தில் கப்பலேறும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற டாலி கிளார்க் நான். சோறு மிஞ்சிப்போனால் அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். விருந்தாளியிடம் அப்படிக் கேட்பது வாசலைக் காட்டுவதற்குச் சமம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் வாய் கேட்டுவிட்டது. அவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். மறுநாள் அவளும் போனாள்.

மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்ட எல்லோரும் தூத்துக்குடி வருகிறார்கள் என்று தெரிந்ததும், பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பொரோட்டாக் கடைக்காவது வரச்சொல்லிக் கெஞ்சி ஆள் அனுப்பினேன். வருவதாகச் சொன்னார்கள். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. எவ்வளவு சொல்வது என்று ஆபீசில் மூத்த கிளார்க்கிடம் யோசனை கேட்டேன்.

"ஏலே, மொத்தமா வாங்கிக் குவிக்காதே. ஆறிட்டுன்னா செருப்புத் தோலு. மொதல்ல ஆளுக்கு ரெண்டு சொல்லு. பொறவு வாயைக் கேக்காதே, இலையைப் பாரு. கடைசித் துண்டு இலையில கெடக்கும்போதே அடுத்தது வந்து விழணும். வேண்டாம் வேண்டாம்னு கையை மறிச்சாத்தான் நீ சரியாப் போட்டேன்னு அர்த்தம்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார்கள். மாமனார், மாமியார், மச்சினன், அவள். அவள் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "காச்சல் கீச்சல் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகக் கடையையே வாங்கிக் கொடுத்திருப்பேன். பத்துப் பொரோட்டாவும் மூன்று பிளேட் சுக்காவும் சொன்னேன். யாரையும் எத்தனை என்று கேட்கவில்லை.

பொரோட்டா சுடச்சுட வந்தது. மாமனார் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிப் பிசைந்தார். வயற்காட்டு மனுஷர், நன்றாகச் சாப்பிடுவார். அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று முடிந்தது. இரண்டாவதில் பாதி முடிந்தது. கையை உயர்த்த வேண்டிய நேரம் அதுதான். அப்போது என் புத்தி கணக்குப் போட ஆரம்பித்தது. மாமியார் ஒன்றோடு நிறுத்திவிடுவாள் போலிருக்கிறதே, இன்னும் பத்து சொல்லி நாலு மிஞ்சினால்? இன்னும் ஒரு வாய் சாப்பிடட்டும், பார்த்துச் சொல்வோம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில் இலை காலியாகிவிட்டது.

பதறிக் கூப்பிட்டேன். "கல்லுல கெடக்கு அண்ணாச்சி, இந்தா வந்துட்டு" என்றார் பரிமாறுகிறவர். வரவில்லை. ஐந்து பேரும் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமனார் விரலில் ஒட்டியிருந்த சால்னாவை நக்கிவிட்டு, மேலே சுற்றும் காத்தாடியைப் பார்த்தார்.

மச்சினன் சிரித்தான். "ஆளுக்கு ரெண்டு. அத்தான் இன்னிக்கும் அளந்துதான் போடுதாவ."

"சும்மா கெடலே" என்றார் மாமனார். பிறகு இலையை மடித்தார். "போதும் மாப்பிளே. வயிறு நெறஞ்சிட்டு." அவர் மடித்ததும் மற்றவர்களும் மடித்தார்கள். அவள் இலைதான் கடைசி. மடிப்பதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அய்யோ, இருங்க மாமா! இருபது கொண்டு வாங்க அண்ணாச்சி, இருபது!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருபதும் வந்தன. ஆவி பறக்க, மடித்த நான்கு இலைகளுக்கு நடுவில் பரிமாறுகிறவர் வைத்தார். மடித்த இலையை யார் பிரிப்பார்கள்? மாமனார் கை கழுவப் போனார். என்னைப் போல ஒரு மடையன் அந்த ஊரில் அன்றைக்கு இருந்திருக்க மாட்டான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மூவரும் வெளியே இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. கடை வாசலில் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றாள். நான் இருந்த மேஜையிலிருந்து பத்தடி. போய் ஒரு வார்த்தை, வந்துவிடு என்று சொன்னால் போதும். வந்திருப்பாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"இதைக் கட்டித் தரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் பரிமாறுகிறவர்.

"கட்டுங்க" என்றேன். "சால்னா தனியா. இருபது இருக்கான்னு எண்ணிக்கிடுங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் காதில் விழுந்துவிட்டது. முகத்தில் கோபம்கூட இல்லை. படியிறங்கி, தம்பிக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பொட்டலத்துக்காகக் காத்து நின்றேன்.