வாங்க என்று கேட்காத வீடு

எங்கள் ஆம்பூரில் விருந்தாளிக்கு 'வாங்க' சொல்ல வீட்டுக்கு ஓர் ஆள் போதும் என்று எங்கள் வீட்டில் நினைத்தோம். ஆண்பிள்ளை வாசலில் நின்று சொல்லிவிட்டால் எல்லோரும் சொன்ன கணக்கு. ஆண்கள் வந்திருக்கும்போது பெண்கள் உள்ளேயே இருந்து ஒரு சொம்புத் தண்ணீர் அனுப்புவார்கள். அதுதான் அவர்களுடைய வரவேற்பு. உலகம் முழுக்க இப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம், பெரிய புத்திசாலிகள்!

அக்காவைப் பெண் பார்க்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். எங்களைப் போல அவர்களும் வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. அங்கேயே வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, கொண்டுவந்த சம்பந்தம் அது. ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போய் அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் தவறினால் அவ்வளவுதான் என்று அம்மா பயந்து கிடந்தாள். "இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத, தல குனிஞ்சே இரு" என்று அக்காவுக்குச் சொல்லப்பட்ட பாடத்தை நானும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் படிக்கும் தம்பி மூவரும் வந்தார்கள். அப்பா "தோத்திரம், வாங்க வாங்க" என்றார். சொன்னவர் கையைக் கூப்ப வேண்டாமா? தோல் மண்டியில் பாய்மார்களுக்கு நாள் முழுக்கச் சலாம் சொல்லிப் பழகிய வலது கை, தானாக நெற்றிக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் அது சரிசமமான மரியாதை. அவர்களோ சேவகன் துரைக்கு வைக்கும் சலாமைத்தான் கண்டிருந்தார்கள் போலும். அந்தத் தம்பிப் பயல் அதே மாதிரி நெற்றியில் கைவைத்து என்னைப் பார்த்து இளித்தான். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா உள்ளே போய்விட மாட்டாரா என்றிருந்தது.

சின்னவள் என்பதால் சொம்பை நான் கொண்டுபோய் நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா வாங்காமல் உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மோவாயைத் தொட்டு, "ஏட்டி, வாங்கன்னு கேக்க மாட்டியா?" என்றார். சொல்வதைத்தான் அவர்கள் பக்கம் கேட்பது என்பார்கள். குரலில் கோபமே இல்லை. நான் பாடம் தவறாமல் தலையைக் குனிந்தேன்.

"நம்ம வூட்டுப் பொண்ணுங்க அப்டிதாங்க, வாயே தொறக்காதுங்க" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அட கடவுளே!

அக்கா வந்து நின்றாள், குனிந்தாள், போனாள். பலகாரத் தட்டில் யாரும் கைவைக்கவில்லை. "வாரோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. தன் சலாம்தான் காரியத்தைக் கெடுத்தது என்று அப்பா தீர்மானித்துவிட்டார். ஒருநாள் காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பிக் கூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை உதறினார். நானும் பார்க்காதவள்போல நகர்ந்துவிட்டேன். அந்தக் காலையில் என்னை நினைத்தே நான் பட்ட வெட்கத்துக்கு முன்னால், அந்தப் பயல் இளித்தபோது பட்டது ஒன்றுமேயில்லை.

மாமா விடுமுறையில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"சலாமாவது ஒன்னாவது! வூட்ல ஒரு பொம்பளகூட வாங்கன்னு கேக்கலியாமே?"

"அதான் அவரு சொன்னாரேடா" என்றாள் அம்மா.

அது செல்லாது என்றார் மாமா. அந்தப் பக்கத்தில் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும், நடக்கிற குழந்தைவரை, முகத்துக்கு நேரே வந்து தன் வாயால் 'வாங்க' கேட்க வேண்டுமாம். ஒருவர் கேட்காவிட்டால், நாம் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருளாம். கேட்காத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். தோத்திரம் ஆண்டவருக்கு, வாங்கதான் மனுஷனுக்கு. கொழும்பில் மாமாவின் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்தார்கூட "வாங்கோ, இருங்கோ" என்று உட்காரவைத்து, "எப்பிடிச் சுகம்?" என்று வீட்டில் ஒருவர் விடாமல் விசாரித்த பிறகுதான் வேறு பேச்சை எடுப்பார்களாம்.

"பொண்ணுக்கு இஷ்டமில்ல போலன்னு நெனச்சிட்டாங்கக்கா. இஷ்டமில்லாத பொண்ண இட்டுக்கினு போய் அழவைக்கக் கூடாதுன்னு வேற எடத்துல பேசி முடிச்சிட்டாங்க."

"பாவி, இத முன்னாலயே சொல்றதுக்கு இன்னாடா?"

"வாங்கன்னு சொல்றதக்கூடவா சொல்லித் தருவாங்க?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"எனக்கு அந்தம்மாவ ரொம்பப் புடிச்சிருந்துச்சு. வாங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சும்மா. நீதான் கையப் புடிச்சி இழுத்துட்ட."



அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், கீரைக்காரி வந்தாலும், அப்பாவைத் தேடி மண்டி ஆள் வந்தாலும், அக்கா கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து "வாங்க, வாங்க" என்பாள். அம்மா தடுக்கவே மாட்டாள். அக்கா கலகலப்பாகிவிட்டாள் என்று அப்போது நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், பெரிய புத்திசாலி!